யன்னல் வெளிச்சத்தில் ஊறுகாய்ப் போத்தலைப் படம்பிடித்தல்

"திருகோணமலை உவர்மலையில் வீட்டிலேயே தேசிக்காய் ஊறுகாய் செய்து விற்கிறேன். விளம்பரத்துக்காகக் கைபேசியில் எடுத்த வீடியோவில் போத்தலின் மேல் யன்னல் கம்பியும் நானும் தெரிகிறோம். பின்னால் வைத்த வெள்ளைத் தாள் சாம்பலாக இருக்கிறது. கையை உள்ளே கொண்டுவந்ததும் வெளிச்சம் கூடிக் குறைகிறது. யன்னல் கிழக்குப் பார்த்தது. விளக்கு வாங்க வசதியில்லை. என்ன செய்யலாம்?"

விளக்கு தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும். கிழக்கு யன்னலில் காலை வெயில் நேரடியாக விழுவதால் போத்தலின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்துவிடும். நண்பகல் கடந்து சூரியன் வீட்டின் மறுபுறம் சாய்ந்த பிறகு அதே யன்னல் வானத்தின் வெளிச்சத்தை மட்டும் மென்மையாக உள்ளே விடும். ஆகவே ஒரு மணியிலிருந்து நான்கு மணிக்குள் படப்பிடிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வெளிச்சம் குறையக் குறையக் கைபேசி தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும். இருண்ட பகுதிகளில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுவது அதற்கு அடையாளம். படம் எடுக்கும்போது அறையின் மின்குமிழ்களை அணைத்துவிடுங்கள். குமிழின் மஞ்சளும் வானத்தின் நீலமும் கலந்தால் ஊறுகாயின் நிறத்தை எந்தச் செயலியாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது கம்பி. உருண்டையான கண்ணாடி, தன்னைச் சுற்றியுள்ள பெரும்பாலான பொருட்களைச் சிறிதாக்கித் தன் மேற்பரப்பில் காட்டும் இயல்புடையது. ஆகவே போத்தலைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதைவிட, அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒழுங்குபடுத்துவதே வேலை. மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக, சுருக்கமில்லாமல் இழுத்து யன்னல் முழுவதையும் மறைத்துக் கட்டுங்கள். கம்பியின் கோடுகள் போய், போத்தலில் சுத்தமான ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் விழும். அந்தப் பட்டை பிழையன்று. பொருள் கண்ணாடி என்று பார்ப்பவருக்குச் சொல்வது அதுதான். லேபலின் எழுத்துகள் மேல் விழாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

பட்டையை நகர்த்தப் போத்தலைத் திருப்பிப் பயனில்லை. உருண்டையான பொருளை எவ்வளவு திருப்பினாலும் ஒளிவிழும் இடம் மாறாது, லேபல் மட்டுமே திரும்பும். யன்னல் நேர் பக்கவாட்டில் இருந்தால் பட்டை போத்தலின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே, விளிம்புப் பக்கம் சற்றுத் தள்ளி விழும். அகலமான லேபல் என்றால் அது எழுத்துகளைத் தொட்டுவிடும். மேசையையும் கைபேசியையும் சேர்த்துச் சற்றே திருப்பி, யன்னல் போத்தலுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்புறமாக வருமாறு அமைத்தால் பட்டை விளிம்பை நோக்கி ஒதுங்கும். திரையைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். எழுத்தை விட்டுப் பட்டை விலகும் இடம் தெளிவாகத் தெரியும். போத்தல் யன்னலிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி இருக்கட்டும்.

இப்படித் திருப்பியதும் யன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருண்டுவிடும். அந்தப் பக்கத்தில், படச்சட்டத்துக்கு வெளியே, ஒரு ரிஜிபோம் பலகையையோ வெள்ளைப் பிரிஸ்டல் போர்டையோ நிறுத்துங்கள். அதை ஒரு சாண் அருகே கொண்டுவந்தால் ஊறுகாய்த் துண்டுகள் வரை வெளிச்சம் போகும். இரண்டு அடி விலக்கினால் நிழல் ஆழமாகும். முழு நிழலையும் அழித்துவிட்டால் போத்தல் தட்டையாகத் தெரியும் என்பதால், ஒரு பக்கம் கொஞ்சம் மங்கலாக இருப்பதையே நான் விரும்புவேன்.

நீங்கள் தெரிவதற்குக் காரணம், போத்தலின் நடுப்பகுதி கைபேசிக்குப் பின்னால் உள்ளவற்றைக் காட்டுவதுதான். உங்களுக்குப் பின்னால் ஒரு கருநிறச் சேலையையோ போர்வையையோ தொங்கவிட்டு, நீங்களும் இருண்ட நிற உடை அணிந்துகொண்டால் அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. போத்தலுக்கு மிக அருகே கைபேசியைக் கொண்டுபோகாமல், ஒரு தாங்கியில் நிறுத்தி இரண்டடி விலக்கி, திரையில் 2x தெரிவுசெய்யுங்கள். பிரதிபலிப்பில் கைபேசி சிறுத்துப்போகும். போத்தலின் வடிவமும் கோணாது.

வெள்ளைத் தாள் சாம்பலாவது கைபேசியின் கணக்கால். சட்டத்துக்குள் உள்ளவற்றைச் சேர்த்து ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர அது முயலும். பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணி எல்லாவற்றையும் மங்கச் செய்துவிடும். லேபலின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று தெரியும். பல அண்ட்ராய்ட் கைபேசிகளில் பூட்டுச் சின்னம் வரும். அதன் பிறகு பக்கத்தில் தோன்றும் வெளிச்ச அளவியைச் சற்று மேலே தள்ளினால் தாள் வெளுக்கத் தொடங்கும். லேபலின் வெள்ளை ஓரம் பின்னணியோடு கரைவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். ஒற்றை யன்னலால் போத்தலும் தாளும் ஒரே வெளிச்சத்தைப் பெறுவதால், முழுத் தூய வெள்ளை கிடைப்பது அரிது. உண்மையில் தேசிக்காய் ஊறுகாயின் மஞ்சள் கலந்த பழுப்புக்கு வெள்ளையைவிட வெளிர் சாம்பல் நீலத் தாளே பொருத்தமானது. நிறம் எழுந்து நிற்கும், இந்தப் போராட்டமும் இருக்காது. எந்தத் தாளானாலும் சுவரில் ஒட்டி மடிப்பில்லாமல் வளைத்து மேசை மேல் இறக்குங்கள்; போத்தல் வளைவிலிருந்து ஓரடி முன்னால் நிற்கட்டும். கச்சான் காற்றுக் காலத்தில் தாளின் ஓரங்களைக் கிளிப் போட்டுப் பிடிக்காவிட்டால் பின்னணி மூச்சுவிடுவது போல அசையும்.

கையை உள்ளே கொண்டுவந்ததும் வெளிச்சம் ஏறி இறங்குவதற்கும் அதே பூட்டுதான் மருந்து. ஆனால் பூட்டிய பின்னும் நிறம் மட்டும் மாறினால், கைபேசி வெண்சமநிலையைத் தானே மாற்றுகிறது என்று பொருள். சாம்சங்கின் பல கைபேசிகளில் உள்ள Pro Video பயன்முறையில் WB என்பதை 5500K அளவில் நிலைப்படுத்துங்கள். தோலின் நிறம் நீலமாகத் தெரிந்தால் 6000க்கு மேல் ஏற்றுங்கள். மேகம் சிதறலாக ஓடும் நாளில் பூட்டும் உதவாது, ஏனெனில் மாறுவது வெளியே உள்ள வெளிச்சம். மாரி காலத்தில் வானம் முழுவதும் ஒரே சீராக மூடியிருக்கும் நாள் உங்களுக்கு வாய்ப்பான நாள்.

காட்சிகள் மூன்று போதும்: அசையாமல் நிற்கும் போத்தல், மூடி திறப்பது, கரண்டியில் துண்டை எடுப்பது. மூன்றாவதில் மட்டும் கைபேசியை இன்னும் திருப்பி, யன்னல் கரண்டிக்குப் பின்னால் வருமாறு பாருங்கள். தேசிக்காய்த் தோலின் ஓரத்தில் எண்ணெய் மினுங்குவதும், துளி சொட்டுமுன் நீள்வதும் பின்வெளிச்சத்தில்தான் தெரியும். முன்வெளிச்சத்தில் அதே துண்டு உலர்ந்தது போல இருக்கும்.

வாட்ஸப்பில் அனுப்பும்போது HD தெரிவைப் பயன்படுத்துங்கள். அப்போதும் சுருக்கத்தால் வெறுமையான தாளில் படிப்படியாக மங்கும் இடம் பட்டை பட்டையாக உடையலாம். முதலில் வீட்டில் உள்ள இன்னொரு கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள்; பட்டை தெரிந்தால் தாளுக்குப் பதில் நெசவு தெரியும் பருத்தித் துணியை விரித்து எடுத்தால் அது பெரிதும் மறையும்.