குள்ளமான, பருமனான உடம்புக்கு எவ்வளவு பார்டர்?

"உயரம் 4 அடி 11 அங்குலம், கொஞ்சம் குண்டு. தங்கை கல்யாணத்துக்கு இளம்பிள்ளையில் பட்டு எடுக்கப் போகிறேன். முழு உயரப் படம் போட்டிருக்கிறேன். எந்தத் துணி, எவ்வளவு பார்டர்?"

உங்கள் படத்தைத் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தேன் சகோதரி. இடுப்பிலிருந்து தரை வரை 9 செ.மீ., அதில் பார்டர் மட்டும் 2 செ.மீ. நிஜத்தில் இடுப்புக்குக் கீழே உங்களுக்கு 36 அங்குலம் இருக்கும் என்று வைத்தால், பார்டர் 8 அங்குலம். கால் நீளத்தை வெட்டுவது அந்தக் கோடுதான். இரண்டரை, மூன்று அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். பெரிய பார்டர்தான் வேண்டுமென்றால் புடவையின் உடல் நிறத்திலேயே பார்டர் இருப்பதாக எடுங்கள், கோடு தெரியாது.

துணியில் இன்னொரு விஷயம். புடவை அகலம் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல். அப்படியானால் உங்களுக்கு 9, 10 அங்குலம் இடுப்பில் உள்ளே போகிறது. கனமான பட்டில் அந்த மடிப்பே வயிற்றைத் தள்ளிக் காட்டும், படத்திலும் அது தெரிகிறது. மெல்லிய சாஃப்ட் சில்க் பாருங்கள். கடையில் ஐந்தாறு கொசுவம் மடித்து, மேலே பிடித்துத் தொங்கவிடுங்கள். விசிறி மாதிரி விரிந்து நின்றால் வேண்டாம், நேராக விழுந்தால் சரி. ஜார்ஜெட் நன்றாக விழும், ஆனால் உடம்போடு ஒட்டி மடிப்புகளைக் காட்டிவிடும்.

அப்புறம், படம் தலை உயரத்திலிருந்து எடுத்தது போலிருக்கிறது. அதுவே காலைக் குட்டையாக்கும். போனை இடுப்பு உயரத்தில் நேராகப் பிடித்து இன்னொன்று எடுத்துப் போடுங்கள், பார்டரைத் திரும்ப அளந்து சொல்கிறேன்.