பழைய பைப், செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் சிங்க் அடைப்பு: பவுடரா, ஸ்பிரிங்கா, என்ஸைமா?

கேள்வி: வீடு கட்டி 40 வருஷம் ஆகிறது. கிச்சன் சிங்கில் தண்ணீர் நின்று நின்றுதான் இறங்குகிறது. சுவருக்குள் போவது பழைய ஜி.ஐ. பைப், வெளியே ஸ்டோன்வேர் பைப், கடைசியில் செப்டிக் டேங்க். கடையில் டிரெயின் கிளீனர் பவுடர் தருகிறார்கள், பிளம்பர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார், என்ஸைம்தான் நல்லது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்:

முதலில் பைப்புக்குள் விட்டுச் சுற்றும் ஸ்பிரிங், அதற்குப் பிறகு என்ஸைம். பவுடரைத் தவிர்த்துவிடுங்கள். ஆசிட் கூடவே கூடாது.

எதையும் வாங்குவதற்கு முன் வெளியே இருக்கும் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பரில் தண்ணீர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்குப் பிறகுதான் இருக்கிறது, அல்லது டேங்கே நிறைந்துவிட்டது. அப்போது சிங்கில் என்ன ஊற்றினாலும் பயன் இல்லை. சேம்பர் காலியாக இருந்து, பாத்ரூம் தண்ணீரும் தாராளமாக ஓடினால், அடைப்பு சிங்கிலிருந்து சேம்பர் வரைக்குள்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைப் பவுடரில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. சிலவற்றில் அலுமினியத் துணுக்குகளும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். அந்தச் சூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இளகும், ஒரு பகுதி சோப்பாக மாறும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சோப்பு கரைந்து போய்விடும். உங்கள் சிங்கைப் போல் தேங்கி நிற்கும் இடத்தில் அப்படி நடக்காது. இளகிய கொழுப்பு இரண்டடி தள்ளிப்போய் ஆறி, மறுபடி கெட்டிப்படும். போர் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைப் படிவமாக உட்காரும். பவுடர் அதிகமாகி தண்ணீர் போதாமல் போனால், சிங்க் அடியில் உள்ள டிராப்புக்குள்ளேயே கல் மாதிரி இறுகிவிடும். அதற்கப்புறம் டிராப்பைக் கழற்றி மாற்றுவதுதான் வழி.

பைப்பின் நிலையும் முக்கியம். ஜி.ஐ. பைப்பில் மிச்சமிருக்கும் துத்தநாகப் பூச்சைக் காஸ்டிக் அரிக்கும். பழைய பைப்பில் முதலில் மெலிவது எல்போவில் மரை வெட்டிய இடம். அங்கே துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். ஆசிட் அந்தத் துருவையும் அதற்கடியில் உள்ள இரும்பையும் சேர்த்தே தின்னும். அடைப்பு போகும், ஒழுகல் வரும். சுவரில் பெயின்ட் உப்பி, ஈரத் திட்டு தெரியும்போதுதான் விஷயம் புரியும். வெளியே உள்ள ஸ்டோன்வேர் பைப்புக்கு ஆசிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் ஜாயின்ட்டில் பூசியிருக்கும் சிமென்ட் கரையும். ஜாயின்ட் விட்டால் மண் உள்ளே இறங்கும், பக்கத்தில் மரம் இருந்தால் வேரும் நுழையும். பவுடர் போட்ட பைப்பில் வேலை ஆகவில்லை என்று ஆசிட் ஊற்றுவது எல்லாவற்றையும் விட ஆபத்து. இரண்டும் சேர்ந்து பொங்கி முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

செப்டிக் டேங்கைப் பற்றி ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். எப்போதோ ஒருமுறை ஒரு பாக்கெட் போட்டதால் டேங்க் நிரந்தரமாகக் கெட்டுவிடாது. தினமும் கழிவோடு புது பாக்டீரியா போய்க்கொண்டே இருப்பதால் தேறிவிடும். மாதாமாதம் பவுடர், அதோடு கழிவறையில் ஆசிட், ஃபினாயில் என்று தொடர்ந்தால்தான் செரிமானம் மந்தமாகி, கசடு சீக்கிரம் சேரும், வாடையும் கூடும்.

இனி ஸ்பிரிங் வேலை. சிங்க் பைப்புக்கு 6 முதல் 8 மி.மீ. கனமுள்ள, 5 மீட்டர் நீளக் கை ஸ்பிரிங் போதும். மெஷினில் பிளேடு மாட்டிச் சுற்றுவது இந்த வயசு பைப்புக்கு வேண்டாம், மெலிந்த இடத்தைக் கிழித்துவிடும். ஏற்கனவே பவுடர் ஏதும் போட்டிருந்தால் இன்றைக்கு ஸ்பிரிங் விடாதீர்கள். வெளியே இழுக்கும்போது காஸ்டிக் தண்ணீர் கண்ணில் தெறிக்கும். பிளம்பரைக் கூப்பிட்டாலும் பவுடர் போட்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்க் அடியில் பக்கெட் வைத்து, பாட்டில் டிராப்பைக் கழற்றிக் கழுவுங்கள். பாதி நேரம் அடைப்பு அதிலேயே இருக்கும். அது சுத்தமாக இருந்தால் சுவருக்குள் போகும் பைப்பில் நேராக ஸ்பிரிங்கை விடுங்கள். எல்போவில் முட்டும்போது குத்தித் தள்ளாமல், கைப்பிடியை வலப்பக்கமாக மட்டும் மெதுவாகச் சுற்றினால் தானாக வளைந்து போகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சில ஸ்பிரிங்குகள் பிரிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எல்போவில் முட்டுவது கெட்டியாக, டங்கென்று கையில் தெரியும். பிசுக்கு அடைப்பு மெத்தென்று இருக்கும். மெத்தென்ற இடத்தில் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, சுற்றிக்கொண்டே வெளியே இழுத்து, நுனியைத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். துணியில் வருவதைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் கொழுப்பு. பழுப்பாக, செதில் செதிலாகக் கடினமாக வந்தால் அது பைப்பின் துரு.

ஸ்பிரிங் கொழுப்பைத் துளைக்கும், முழுதாக வழிக்காது. அதனால் டிராப்பை மாட்டியதும் சிங்கின் ஓட்டையை மூடி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன் விட்டு, ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் இளகியது போய்விடும்.

பைப்பின் உட்சுவரில் ஒட்டி மிஞ்சுவதற்குத்தான் என்ஸைம். இவற்றில் கொழுப்பு, மாவு, புரதத்தை உடைக்கும் என்ஸைம்களும், பலவற்றில் பாக்டீரியாவும் இருக்கும். முழு அடைப்பைத் திறக்கும் சக்தி இதற்கில்லை. முடி அடைப்பிலும் எதிர்பார்க்காதீர்கள். இரவு கடைசிப் பாத்திரம் கழுவியபின், பாக்கெட்டில் சொன்ன அளவை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற்றி, காலை வரை குழாயைத் திறக்காமல் விடுங்கள். கொதிநீரோ பிளீச்சிங்கோ பட்டால் வேலை செய்யாது. முதல் வாரம் தினமும், பிறகு மாதம் ஒருமுறை போதும். சோடா உப்பும் வினிகரும் நுரைக்கும்போது பலமாகத் தெரியும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு உப்புத் தண்ணீராகத்தான் மிஞ்சும்.

டேங்குக்கென்று தனியாக என்ஸைம் பாக்கெட் வாங்க வேண்டாம். அடியில் சேரும் கசடை எந்தப் பாக்கெட்டும் முழுதாகக் கரைக்காது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கத்தான் வேண்டும். டேங்க் மூடியைத் திறந்து குனிந்து பார்க்காதீர்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மாதத்தில் மறுபடி தேங்கினால், அல்லது ஸ்பிரிங்கில் துருச் செதில் வந்தால், அந்த ஜி.ஐ. பைப்பின் உள்வட்டம் துருவாலேயே சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்து மாளாது. 2 இன்ச் பி.வி.சி. போட்டு, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுத்து, வளைவு வரும் இடத்தில் திறந்து பார்க்கிற மாதிரி டோர் பெண்ட் வைக்கச் சொல்லுங்கள்.