வருமானக் கட்டத்தை யார் நிரப்பினார்கள்? டிமேட் கணக்கு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைன்ல டிமேட் கணக்கு தொறக்கறப்ப ஆண்டு வருமானம் கேக்குதுங்க. எனக்குத் தென்னந்தோப்பு மட்டும்தான். வருமான வரிக் கணக்கே தாக்கல் பண்ணினதில்லை. எதைப் போடறது?
*தோப்புக்காரர், ஆனைமலை*

பதில்: அங்கே கேட்பது ஆண்டு வருமானம்தான், வரி கட்டிய வருமானம் இல்லை. விவசாய வருமானமும் அதில் சேரும். ஒரு லட்சத்துக்குள், 1 முதல் 5, 5 முதல் 10, 10 முதல் 25, அதற்கு மேல் என்று ஐந்து படிகள் இருக்கும். காய் விற்ற மொத்தப் பணத்தைப் பார்த்துப் படியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போன வருடம் 7 லட்சத்துக்குக் காய் போயிருந்து, உரம், தண்ணீர், வெட்டுக்கூலி, உரிகூலி எல்லாம் சேர்த்து 3 லட்சம் செலவாகியிருந்தால் கையில் நின்றது 4 லட்சம். அப்படியானால் 1 முதல் 5 லட்சம் என்பதுதான் உங்கள் படி. தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று போடுங்கள்.

பங்கு வாங்கி வைத்துக்கொள்வதற்கு மட்டும் என்றால் வருமானச் சான்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொல்வதே போதும். வரப்போகும் விலையை வைத்து ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ, சரக்குகளின் விலையில் வியாபாரம் செய்யும் கமாடிட்டி போன்ற பிரிவுகளைத் திறக்கச் சொன்னால்தான் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டோ வருமான வரிக் கணக்கோ சம்பளச் சீட்டோ வேண்டும் என்பார்கள். சில செயலிகளில் அந்தப் பிரிவுகள் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். உங்களுக்குத் தேவையில்லை, டிக்கை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

கேள்வி: டிரேடிங் அனுபவம் 'இல்லை'னு போட்டா நிராகரிச்சுருவாங்களா?
*கல்லூரி மாணவி, கோபி*

பதில்: மாட்டார்கள். இல்லை என்றே போடும்மா, நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அந்த ஒரு சொல் உன் பக்கம் நிற்கும்.

கேள்வி: வங்கிச் சான்று ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிருச்சுங்க. ஒரு தடவை பழைய பாஸ்புக், ஒரு தடவை கேன்சல் செக். காரணமே சொல்ல மாட்டேங்கறாங்க.
*ஜவுளி ஏற்றுமதி நிறுவன ஊழியர், கரூர்*

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பாஸ்புக் லட்சுமி விலாஸ் வங்கி காலத்தது. உங்கள் ஊரில் பிறந்த அந்த வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்துவிட்டது. பாஸ்புக்கில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி `LAVB` என்று தொடங்குகிறது, இப்போது செல்லுபடியாவது `DBSS` என்று தொடங்கும் எண். கணக்கு உங்களுடையதுதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பார்கள், பழைய எண்ணைப் போட்டால் அந்த ஒரு ரூபாய் போய்ச் சேராது.

காசோலையில் வேறு பிரச்சினை. கணக்கு ஆரம்பிக்கும்போது கையோடு கொடுக்கும் செக் புத்தகத்தில் பல வங்கிகள் பெயர் அச்சடிப்பதில்லை, உங்களுடையதிலும் பெயர் இல்லை. பெயர் அச்சாகாத காசோலை யாருடையது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? போதாததற்குக் குறுக்கே போட்ட கோடு ஐஎஃப்எஸ்சி மேலேயே ஓடுகிறது.

நெட் பேங்கிங்கிலிருந்து சமீபத்திய ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப்பாக இறக்கிக் கொடுங்கள். பெயர், கணக்கு எண், புதிய ஐஎஃப்எஸ்சி மூன்றும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாகவும் வங்கியில் வெறும் இனிஷியலாகவும் இருந்தாலும் இதே இடத்தில் மாட்டும். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. வங்கியில் பான் அட்டையைக் காட்டிப் பெயரை அதன்படி மாற்றிக்கொள்வது ஒரு நாள் அலைச்சல்தான், அதைச் செய்துவிட்டு மூன்றாம் முறை விண்ணப்பியுங்கள்.

கேள்வி: என் பேர்ல அக்கவுண்ட், பணம் மட்டும் வீட்டுக்காரம்மா பேங்க்கிலிருந்து போடலாமா?
*பெருந்துறை வாசகர்*

பதில்: கூடாது. உங்கள் பெயரில் பதிவான வங்கிக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும், பங்கு விற்ற பணமும் அங்கேதான் திரும்பும்.

கேள்வி: சீட்டு எடுத்த 4 லட்சத்தை மாசம் ரெண்டு சதவீதம் உறுதின்னு ஒருத்தர் சொன்னதை நம்பிப் போட்டேனுங்க. ஃபோனை வாங்கி அவரே கணக்கு தொறந்தார், ஓடிபி மட்டும் நான் சொன்னேன். இப்ப 58,000 ரூபாய்தான் இருக்குது. கம்பெனியில கேட்டா "நீங்க அஞ்சு வருச அனுபவம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ங்கறாங்க. நான் தறி ஓட்டறவ.
*பல்லடம் வாசகி*

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பு உங்கள் மேல் இல்லை. லாபத்துக்கு உறுதி கொடுக்க எந்தப் புரோக்கருக்கும் அவருடைய ஏஜென்ட்டுக்கும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அனுமதி இல்லை. அந்த ஆள் அந்தக் கம்பெனியில் பதிவான ஏஜென்ட் என்றால், அவர் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் கம்பெனி பொறுப்பு.

நீங்கள் அனுப்பிய படிவத்தில் வருமானம் 10 முதல் 25 லட்சம் என்றும் அனுபவம் ஐந்து வருடம் என்றும் இருக்கிறது. அவர் ஏன் அப்படிப் போட்டார்? எஃப் அண்ட் ஓ பிரிவைத் தடையில்லாமல் திறக்க. நீங்கள் பங்கு வாங்கிச் சும்மா வைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது, ஒவ்வொரு ஆர்டருக்கும் வரும் கமிஷனில்தான் அவருக்குப் பங்கு. ஆர்டருக்கு 20 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளில் 40 ஆர்டர் போட்டால் 800 ரூபாய், வரி தனி. லாபமோ நஷ்டமோ, அந்த 800 உங்கள் பணத்திலிருந்து போய்க்கொண்டே இருந்திருக்கும்.

உங்கள் வழக்கில் எனக்குப் பலமாகத் தெரிவது வேறு இரண்டு கட்டங்கள். மொபைல் எண்ணும் ஈமெயிலும். இரண்டும் உங்களுடையதல்ல, அவருடையது. குடும்பத்தாருக்குள் தவிர ஒருவருடைய எண்ணை இன்னொருவர் கணக்கில் போடக் கூடாது என்பது செபி விதி. வாங்கியது விற்றதற்கான ரசீதாக, வியாபாரம் நடந்த 24 மணி நேரத்துக்குள் வர வேண்டிய கான்ட்ராக்ட் நோட்டு, எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் எஸ்எம்எஸ் எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தே வியாபாரம் நடந்தது என்று கம்பெனி சொன்னால், எந்த எண்ணுக்குத் தகவல் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இன்றைக்கே மொபைல் எண், ஈமெயில் இரண்டையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், எஃப் அண்ட் ஓ பிரிவை மூடச் சொல்லுங்கள். மீதமுள்ள 58,000 ரூபாயை வங்கிக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். கணக்குத் திறந்த படிவம், எல்லாக் கான்ட்ராக்ட் நோட்டு, பண வரவு செலவைக் காட்டும் லெட்ஜர் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள், 'ரெண்டு சதவீதம்' என்று அவர் எழுதியிருந்தால் அதுதான் முக்கிய ஆதாரம். பிறகு கம்பெனியின் குறைதீர் ஈமெயிலுக்குப் புகார் அனுப்புங்கள். சரியான பதில் வராவிட்டால் `scores.sebi.gov.in` தளத்தில் புகார், அங்கே கம்பெனி 21 நாளில் பதில் சொல்ல வேண்டும். அதிலும் தீராவிட்டால் `smartodr.in`, அங்கே சமரசப் பேச்சும் அதற்குப் பிறகு நடுவர் விசாரணையும் உண்டு. பணம் முழுசாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் ஓடிபி உங்கள் வாயிலிருந்து போயிருக்கிறது. ஆனால் இந்தப் படிவம் பொய் என்று காட்ட உங்களிடம் போதுமான காகிதம் இருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் ஏன் என்றால், 2012-ல் நானும் இப்படித்தான் மாட்டினேன். அப்போது காகிதப் படிவம், பொடி எழுத்தில் ஒரு கட்டு. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, "குறி இருக்கற எடத்துல மட்டும் கையெழுத்துங்க சார்" என்றார் வந்தவர். போட்டேன். கட்டமெல்லாம் காலியாக இருந்தது. எட்டு மாதம் கழித்து 62,000 ரூபாய் குறைந்த பிறகுதான் படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். என் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வருமானம், எனக்குத் தெரியாத ஒரு ஈமெயில், இரண்டும் வேறொருவர் எழுத்தில், நீல மையில். முழுசாகத் திரும்பவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன், வருமானம், அனுபவம், வங்கி, மொபைல், ஈமெயில், இந்த ஐந்தையும் உங்கள் விரலால் நீங்களே தட்டுங்கள். ஆதார் ஓடிபி போடும் திரைக்கு முன்னால் முழுப் படிவமும் பிடிஎஃப்பாக ஒரு தடவை வரும். அதைத் திறந்து இந்த ஐந்தும் சரியா என்று பார்க்காமல் ஓடிபி போட்டால், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டதும் அதுவும் ஒன்றுதான்.

கேள்வி: எஃப் அண்ட் ஓ ஆக்டிவேட் ஆகணும்னு நண்பன் எடிட் பண்ணிக் கொடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட்டை அப்லோட் பண்ணிட்டேன். வருமானம் 25 லட்சத்துக்கு மேலன்னு போட்டிருக்கேன். ஏதாச்சும் ஆகுமா?
*ஐடி ஊழியர், சரவணம்பட்டி*

பதில்: மேலே பல்லடம் அக்காவின் கடிதத்தைப் படியுங்கள் தம்பி. அவரை ஒருவர் ஏமாற்றினார், நீங்கள் தெரிந்தே செய்திருக்கிறீர்கள். போலி ஆவணம் கொடுப்பது குற்றம், கண்டுபிடித்தால் கணக்கை முடக்குவார்கள். முடக்காவிட்டாலும், நாளைக்கு நஷ்டம் என்று வந்தால் உங்கள் வாதம் எடுபடாது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். இன்றே அந்தப் பிரிவை மூடிவிட்டு வருமானப் படியை உண்மைக்கு மாற்றுங்கள். செயலியில் சுயவிவரப் பகுதியிலேயே பத்து நிமிட வேலை.

கேள்வி: கணக்கு தொறந்து ரெண்டு வருசமாச்சுங்க. என் படிவத்துல என்ன எழுதியிருக்குதுன்னு இப்பப் பாக்க முடியுமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்*

பதில்: முடியும். திறந்த வாரத்தில் வந்த ஈமெயில்களைத் தேடினால் கையொப்பமிட்ட பிடிஎஃப் இணைப்பாக இருக்கும், பெரும்பாலும் கடவுச்சொல் உங்கள் பான் எண். இல்லாவிட்டால் புரோக்கரிடம் எழுத்தில் கேளுங்கள். ஈமெயிலில் எதுவுமே வந்ததில்லை என்றால் முதலில் பதிவான ஈமெயில் யாருடையது என்று பாருங்கள்.