பட்டியலில் ஒரு தொகை, பேரேட்டில் வேறொரு தொகை: மட்டந்தட்டலில் நழுவும் சதங்கள்

கேள்வி: ஹட்டனில் ஹார்ட்வெயார் மொத்த விற்பனை செய்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் 5% கழிவு கொடுத்துத்தான் பட்டியல் போடுகிறோம். இந்தக் காலாண்டில் 412 பட்டியல்கள், அவற்றில் 2,310 உருப்படிகள். பட்டியல்களில் அச்சான வற் தொகைகளைக் கூட்டி விபரத்திரட்டைத் தயாரித்தால், பேரேட்டிலுள்ள வெளியீட்டு வரி அதைவிட ரூபா 8.64 கூடுதலாக நிற்கிறது. எதைச் சரியென்று எடுத்துக்கொள்வது?

பதில்:

பட்டியலில் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போன தொகையே சரியானது; பேரேட்டைத்தான் அதற்கேற்பத் திருத்த வேண்டும். உங்கள் மென்பொருள் பட்டியலை அச்சிடும்போது மொத்தத்தின் மீது ஒரு தடவை வரி கணக்கிட்டு மட்டந்தட்டுகிறது. பேரேட்டில் பதியும்போதோ ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியே மட்டந்தட்டி, பிறகு கூட்டுகிறது. ("வரி" என்ற சொல் இங்கே இரண்டு பொருள் தந்து குழப்பும் என்பதால், பட்டியலின் ஒவ்வொரு வரியையும் நீங்கள் எழுதியதைப் போலவே உருப்படி என்று குறிப்பிடுகிறேன்.)

பண்டாரவளையில் நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையிலும் இதே சிக்கல் வந்தது. அங்கே அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஒரு தோட்டத்து அலுவலகத்தின் எழுதுவினைஞர். "ஐயா, ஒங்க கூற்றுல எங்க பேருக்கு இன்னும் ரெண்டு சதம் பாக்கி நிக்குது, நாங்க பில்லுல உள்ளபடிதான கட்டுனோம்?" என்று கேட்டார். அந்தப் பட்டியலில் இருந்தவை நான்கு உருப்படிகள்தாம்: ஆணி 685 ரூபா, பூட்டு 1,245 ரூபா, தூரிகை 395 ரூபா, பி.வி.சி. குழாய் 2,115 ரூபா. 5% கழிவுக்குப் பிறகு அவை முறையே 650.75, 1,182.75, 375.25, 2,009.25 ஆகின, மொத்தம் 4,218.00. இதன் 18% சரியாக 759.24, பட்டியலில் அச்சானதும் அதுவே. ஆனால் தனித்தனியே கணக்கிட்டால் 117.135, 212.895, 67.545, 361.665 என்று வருகின்றன. நான்கிலும் மூன்றாம் தசமதானத்தில் 5 நிற்பதைக் கவனியுங்கள். நான்கும் மேல்நோக்கி மட்டந்தட்டப்பட்டு 117.14, 212.90, 67.55, 361.67 ஆகி, கூட்டுத்தொகை 759.26 ஆகிவிடுகிறது. அந்த எழுதுவினைஞர் கேட்ட இரண்டு சதம் இதுதான்.

நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தது தற்செயல் அன்று. வரி விகிதம் 18% ஆக இருக்கும்போது, உருப்படியின் பெறுமதி முழு ரூபாவிலோ 50 சதத்திலோ முடிந்தால் மட்டந்தட்ட எதுவுமே இருப்பதில்லை. 50 சதத்தின் 18% சரியாக 9 சதம். ஆனால் 25 சதத்தின் 18% நாலரைச் சதம், 75 சதத்தின் 18% பதின்மூன்றரைச் சதம். ஆகவே 25 இலோ 75 இலோ முடியும் ஒவ்வோர் உருப்படியும் அரைச் சதத்தைக் கூட்டியே தரும். 5 ரூபாவில் முடியும் எந்த விலையிலிருந்தும் 5% கழித்தால் மிஞ்சும் தொகை .25 அல்லது .75 இல்தான் முடியும். ஹார்ட்வெயார் கடை விலைகள் 5 இல் முடிவது எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்கே தெரியும். கழிவை உருப்படிதோறும் கழிக்காமல் பட்டியலின் அடியில் ஒரே தடவை கழித்திருந்தால், மேற்சொன்ன உதாரணத்தில் 4,440 இலிருந்து 222 போய் அதே 4,218 தான் வரும், சதப் பிரச்சினை எழவே எழாது.

உங்கள் 8.64 முழுவதும் மட்டந்தட்டலால் வந்ததுதானா என்பதை ஒரு எளிய அளவுகோலால் பார்க்கலாம். ஓர் உருப்படியில் மட்டந்தட்டல் அரைச் சதத்துக்கு மேல் விலக முடியாது. 2,310 உருப்படிகளுக்கு உச்ச விலகல் 11.55 ரூபா, பட்டியல் மட்டத்தில் நடக்கும் மட்டந்தட்டலுக்கு 412 அரைச் சதங்கள், அதாவது 2.06 ரூபா, சேர்த்துக்கொள்ளுங்கள். 8.64 இந்த எல்லைக்குள் இருக்கிறது. சதங்கள் எல்லா விதமாகவும் சிதறி முடிந்திருந்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்று, மீதி ஒரு ரூபாவைக்கூட எட்டியிராது. எட்டு ரூபாவைத் தாண்டியிருப்பது உங்கள் உருப்படிகளில் பெரும்பாலானவை .25, .75 இல் முடிகின்றன என்பதற்கு அடையாளம். வித்தியாசம் எல்லையைத் தாண்டியிருந்தால் மட்டந்தட்டலின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிட வேண்டாம். வரிவிலக்குள்ள பொருளுக்கு வரி விதிக்கப்பட்டிருக்கலாம், ஒரு செலவுத்தாள் இருமுறை பதியப்பட்டிருக்கலாம்; தேட வேண்டிய இடம் அது.

எக்செல்லில் சோதிப்பதாயின், D2 முதல் D5 வரை மேற்சொன்ன நான்கு உருப்படிகளின் கழிவுக்குப் பிந்திய பெறுமதிகளை வைத்து, E2 இலுள்ள சூத்திரத்தை E5 வரை பிரதி செய்து, E6, F6 இரண்டையும் ஒப்பிடுங்கள்:

```
E2:  =ROUND(D2*18%,2)
E6:  =SUM(E2:E5)
F6:  =ROUND(SUM(D2:D5)*18%,2)
```

E6 இல் 759.26 உம் F6 இல் 759.24 உம் வரும். ஒரு பொறி இருக்கிறது: E2 இல் ROUND இல்லாமல் கலத்தின் வடிவத்தை மட்டும் இரண்டு தசமதானமாக்கினால், திரையில் 117.14 என்று தெரிந்தாலும் உள்ளே 117.135 தான் இருக்கும். அப்போது கண்ணுக்குத் தெரியும் நான்கு தொகைகளைக் கையால் கூட்டினால் 759.26, கணினி காட்டும் கூட்டுத்தொகை 759.24. கூட்டல் பிழை என்று எண்ணி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

இனித் திருத்தத்துக்கு வருவோம். விபரத்திரட்டுடன் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பும் அட்டவணையில் ஒவ்வொரு வரிப் பட்டியலுக்கும் ஒரு பதிவு செல்கிறது. அதே பட்டியலை வாங்கியவர் தமது உள்ளீட்டு வரி அட்டவணையில் காட்டுகிறார். இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டிய அலகு பட்டியலே என்பதால், மட்டந்தட்டலையும் அந்த மட்டத்தில் ஒரு தடவை மட்டும் செய்வதுதான் முறை. பட்டியலில் மட்டந்தட்டிய தொகையைச் சேமித்து வைத்து, பேரேடு, அட்டவணை, விபரத்திரட்டு மூன்றும் அதையே எடுத்துக் கூட்ட வேண்டும். எந்த இடத்திலும் மீண்டும் 18% ஆல் பெருக்கக்கூடாது. அதன் பிறகும் காலாண்டு மொத்த விற்பனையின் 18% இற்கும் வரிக் கூட்டுத்தொகைக்கும் சில சதங்கள் வேறுபடலாம். அதைத் திருத்த முயல வேண்டாம்.

பேரேட்டில் இப்போதுள்ள 8.64 இற்கு வெளியீட்டு வரிக் கணக்கை வரவு வைத்து, கடன்பட்டோர் கணக்குகளைச் செலவு வையுங்கள். உங்கள் கடன்பட்டோர் நிலுவைப் பட்டியலைத் திறந்தால் ஒரு சதம், இரண்டு சதம் என்று வால்கள் தொங்குவதைக் காண்பீர்கள். அவற்றின் கூட்டுத்தொகைதான் இந்த 8.64. இலாபம் இதனால் மாறுவதில்லை. ஏற்கெனவே கொடுத்த பட்டியல்களைத் தொட வேண்டாம்.

முறையை மாற்றிய பிறகு பொருள் திரும்பி வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேற்சொன்ன நான்கு பொருட்களும் நான்கு தடவையாகத் திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவுத்தாள் போட்டால், அறவிட்டது 759.24 ஆக இருக்க நீங்கள் திருப்பிக் கொடுப்பது 759.26 ஆகிவிடும். ஆகவே கடைசிச் செலவுத்தாளில் மட்டும் 18% ஐக் கணக்கிடாமல், பட்டியலின் வரியிலிருந்து முன்னர் திருப்பிய தொகைகளைக் கழித்து மீதியைப் போடுங்கள்; குழாய் கடைசியாக வந்தால் 361.67 இற்குப் பதிலாக 361.65.