பத்துக்குள்ள மூணு கிடையாது

வணக்கம் சார். ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு நான்தான் கணக்கு சொல்லிக் குடுக்கறேன். பகுதியில 2, 5 தவிர வேற பகாக் காரணி இல்லேன்னா தசமம் முடியும், இருந்தா முடியாதுன்னு ரூல், அத வச்சு கணக்கெல்லாம் போட்டுடறோம். ஏன் 2-ம் 5-ம் மட்டும்னு கேட்டா, பத்தோட காரணிங்கறதாலன்னு சொன்னேன். அவ விடல. "1/63 போட்டா 0.015873015873-ன்னு போய்ட்டே இருக்கு, லட்சமாவது இடத்துல முடிஞ்சிடாதுன்னு எப்படித் தெரியும்? 56-ல 7 இருக்கு, ஆனா 21/56 முடியுதே?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரல.

ஒரு வாசகி

வணக்கம்ங்க. ரொம்ப நல்ல கேள்வி கேட்டிருக்காங்க உங்க பொண்ணு. ரெண்டுக்கும் பதில் ஒரே எடத்துல இருக்கு, வகுக்கும்போது வர்ற மீதியில. நீங்க சொன்ன "பத்தோட காரணி" சரியான பதில்தான், ஆனா அந்தப் பத்து கணக்குக்குள்ள எந்த வழியா வருதுன்னு காட்டினாத்தான் அவங்களுக்கு அது பதிலா தெரியும்.

பேப்பர்ல கையால வகுக்கும்போது என்ன பண்றோம்? கையில ஒரு மீதி இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒரு சைபர் போடறோம், அதாவது பத்தால பெருக்கறோம். அதுல பகுதி எத்தன தடவ போகுதுன்னு பாத்து விடையில எழுதறோம், அவ்வளவையும் கழிச்சா புது மீதி. திரும்ப சைபர், திரும்ப கழித்தல். என்னிக்கு மீதி 0 வருதோ அன்னிக்கு தசமம் முடியுது. வேற எந்த விதத்துலயும் முடியாது. அதனால பொண்ணுகிட்ட, விடையில வர்ற இலக்கத்த கொஞ்ச நேரம் மறந்துட்டு மீதிய மட்டும் ஒரு ஓரமா வரிசையா எழுதிட்டு வரச் சொல்லுங்க.

மொதல்ல முடியற ஒண்ணு, 3/40. மீதி 3-ல ஆரம்பிக்கறோம். சைபர் போட்டா 30, அதுல 40 போகாது, விடையில 0, மீதி 30. அடுத்து 300, அதுல 40 ஏழு தடவ, மீதி 20. அடுத்து 200, அஞ்சு தடவ, மீதி 0. விடை 0.075. மீதிங்கள மட்டும் எழுதினா 3, 30, 20, 0.

இப்ப 40-ஐ உடைச்சுப் பாருங்க, மூணு ரெண்டும் ஒரு அஞ்சும், 2×2×2×5. மீதி 0 ஆகணும்னா நம்ம கையில இருக்கற எண் 40-ஆல சரியா வகுபடணும், அதாவது அதுக்குள்ள மூணு ரெண்டும் ஒரு அஞ்சும் இருந்தே ஆகணும். 3-க்குள்ள ரெண்டும் இல்ல அஞ்சும் இல்ல. ஒரு சைபர் போட்டதும் உள்ள ஒரு ரெண்டும் ஒரு அஞ்சும் வந்துடுச்சு, 30. இன்னொரு சைபர் போட்டு 300-ஆக்கி கழிச்சா 20, அதுல ரெண்டு ரெண்டு இருக்கு. இன்னொரு சைபர், 200, இப்ப மூணு ரெண்டும் சேந்தாச்சு, 40 சரியா போகுது. நடுவுல கழிக்கறோமே, அது சேத்தத கெடுக்காதான்னு கேப்பாங்க. கெடுக்காது. நாம கழிக்கறது 40-ஓட மடங்கு, அதுக்குள்ள தேவையான எல்லா ரெண்டும் அஞ்சும் ஏற்கெனவே இருக்கு, அதனால கழிச்ச பிறகும் சேத்தது அப்படியே நிக்கும். மூணு ரெண்டு தேவப்பட்டுச்சு, மூணு சைபர் போட்டோம், தசமத்துல மூணு இடம் வந்துச்சு. இது தற்செயல் இல்ல, சுருக்கின பின்னத்தோட பகுதியில ரெண்டு எத்தன, அஞ்சு எத்தனன்னு பாத்து எது அதிகமோ அத்தன இடத்துல தசமம் முடியும்.

இப்ப முடியாத ஒண்ணு. 1/63-க்கு முன்னாடி சின்னதா 5/12 எடுத்துக்கலாம். 12-ன்னா 2×2×3. மீதி 5. சைபர் போட்டா 50, நாலு தடவ, மீதி 2. அடுத்து 20, ஒரு தடவ, மீதி 8. அடுத்து 80, ஆறு தடவ, மீதி 8. அப்புறம் 8 8-ன்னே போகும், விடை 0.41666... மீதிங்க 5, 2, 8, 8, 8. இதுல ஒண்ணு கூட 3-ஆல வகுபடாது, அத கவனிங்க, எல்லா விஷயமும் அங்கதான் இருக்கு.

ஏன் வகுபடாது? ஆரம்பத்துல 5, அதுல 3 இல்ல. பத்தால பெருக்கறோம், பத்து ஒரு ரெண்டையும் ஒரு அஞ்சையும்தான் கொண்டு வரும், மூணக் கொண்டு வராது, ஏன்னா பத்துக்குள்ள மூணு கிடையாது. 3 ஒரு பகா எண், அது ஒரு பெருக்கலுக்குள்ள இருக்கணும்னா பெருக்கற ரெண்டுல ஏதாவது ஒண்ணுலயாவது இருந்தாகணும். அதனால 50-லயும் 3 இல்ல. அடுத்து 12-ஓட மடங்க கழிக்கறோம். அது 3-ஓட மடங்கும் கூட. 3-ஆல வகுபடாத எண்லேருந்து 3-ஓட மடங்க கழிச்சா மிச்சமும் வகுபடாது. ஆக புது மீதியிலயும் 3 இல்ல. அடுத்த சுத்துலயும் இதே கதை, அதுக்கடுத்ததுலயும் இதே. ஆனா 0 இருக்கே, அது 3-ஆல வகுபடற எண். 3-ஆல வகுபடாத எண்ணா மட்டுமே மீதி வந்துட்டு இருந்தா 0 எப்படி வரும்? வரவே வராது. லட்சமாவது இடமோ கோடியாவது இடமோ, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்து மாதிரியேதான், வழியில எந்த எடத்துலயும் ஒரு மூணு உள்ள வர்றதுக்குக் கதவு இல்ல.

1/63-லயும் இதேதான், 63-ங்கறது 3×3×7. மீதிங்கள எழுதினா 1, 10, 37, 55, 46, 19, அப்புறம் திரும்ப 1. ஒண்ணும் 3-ஆல போகாது, 7-ஆலயும் போகாது. திரும்ப 1 வந்ததும் மொதல்லேருந்து அதே கணக்குதான், அதனால 015873 திரும்பத் திரும்ப வருது. சுத்து பெருசா இருக்கற பகுதிகள்ல இது கண்ணுல பட ரொம்ப நேரம் ஆகும், ஆனா முடியாதுன்னு சொல்ல சுத்து வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையே இல்ல, மேல சொன்ன காரணம் மொத அடியிலயே போதும்.

இப்ப 21/56. சுருக்காம அப்படியே வகுக்கச் சொல்லுங்க. மீதி 21. அடுத்து 210, மூணு தடவ, மீதி 42. அடுத்து 420, ஏழு தடவ, மீதி 28. அடுத்து 280, அஞ்சு தடவ, மீதி 0. விடை 0.375. மீதிங்க 21, 42, 28, 0, எல்லாமே 7-ஓட மடங்கு! ஏழ பத்து கொண்டு வரல, தொகுதியில 21-ங்கற வடிவத்துல அது மொதல்லயே உள்ள இருந்துச்சு. அதனாலதான் ரூல்ல "சுருக்கின பின்னத்துல"ன்னு ஒரு வார்த்த கண்டிப்பா இருக்கணும், அத விட்டுட்டு சொன்னா ரூலே தப்பு. 21/56-ஐ சுருக்கினா 3/8, 8-ல ரெண்டு மட்டும்தான். ஆனா தொகுதியிலயும் அந்தக் காரணி இருந்தா போதும்னு நெனச்சுடக் கூடாது, எத்தன இருக்குங்கறது முக்கியம். 6/45-ல மேலயும் 3 இருக்கு கீழயும் 3 இருக்கு, ஆனா கீழ 3 ரெண்டு தடவ இருக்கு, மேல ஒரு தடவதான். சுருக்கினா 2/15, ஒரு மூணு மிச்சம் நிக்குது, 0.1333-ன்னு ஓடும்.

பசங்க அதிகமா சறுக்கற இன்னொரு எடம், பகுதியோட கடைசி இலக்கம். 0-லயோ 5-லயோ முடிஞ்சா தசமம் முடியும்னு ஒரு நெனப்பு வந்துடும். 1/35-ம் 1/30-ம் முடியாது, 35-ல 7 ஒளிஞ்சிருக்கு, 30-ல 3. கடைசி இலக்கம் உள்ள ரெண்டோ அஞ்சோ இருக்குன்னுதான் சொல்லும், வேற என்னெல்லாம் இருக்குன்னு சொல்லாது. சுருக்கிட்டு, பகுதிய 2-ஆல போற வரைக்கும் வகுங்க, அப்புறம் 5-ஆல போற வரைக்கும் வகுங்க, கடைசியில 1 நின்னா முடியும், வேற எது நின்னாலும் முடியாது.

கால்குலேட்டர நம்பி முடிவு பண்ண வேண்டாம்னும் சொல்லி வைங்க. 1/800000 போட்டா 0.00000125, இது உண்மையிலயே அங்க முடியுது, 800000-ல எட்டு ரெண்டும் அஞ்சு அஞ்சும்தான், அதனால எட்டு இடம். ஒண்ணு கொறச்சு 1/799999 போட்டா பத்து தசம இடம் வரைக்கும் காட்டற கால்குலேட்டர்ல அதுவும் 0.00000125-ன்னேதான் தெரியும். ஆனா 799999 ஒத்தப்படை எண், 5-லயும் முடியல, ரெண்டோ அஞ்சோ ஒண்ணு கூட உள்ள இல்ல. அது முடியவே முடியாது, பன்னெண்டாவது இடத்துலேருந்து 156-ன்னு மறுபடி ஆரம்பிச்சு ஓடுது, திரை அது வரைக்கும் போகாததால நமக்குத் தெரியல.

கடைசியா, "ஏன் 2-ம் 5-ம் மட்டும்"ங்கற கேள்விக்கு இன்னும் ஒரு படி கீழ எறங்கணும்னா, ஒவ்வொரு தடவயும் பத்தால பெருக்கறது நம்ம எண் முறை பத்துல இருக்கறதாலதான். எண் முறைய மாத்தினா காரணிங்களும் மாறிடும். பழைய பாபிலோனியர்கள் அறுபத அடிப்படையா வச்சு எழுதினாங்க, அறுபதுக்குள்ள 2, 3, 5 மூணும் இருக்கு, அதனால 1/3 அவங்களுக்கு ஒரே இடத்துல முடிஞ்சிடும், அறுபதுல 20 பங்கு. 1/7 அவங்களுக்கும் முடியாது.

கம்ப்யூட்டர் பொதுவா தசமத்தக் கையாள்றது ரெண்ட அடிப்படையா வச்சு. அங்க மீதிய ரெண்டால மட்டும்தான் பெருக்கறாங்க, அதனால அஞ்சு கூட வெளியாள் ஆயிடுது. நமக்கு சுலபமா முடியற 0.1, அதாவது 1/10, பகுதியில ஒரு அஞ்சு இருக்கறதால அங்க முடியாது, எங்கயோ ஒரு எடத்துல வெட்டித்தான் வச்சுக்க முடியும். வீட்ல பைத்தான் இருந்தா பொண்ண இத டைப் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க:

```
>>> 0.5 + 0.25
0.75
>>> 0.1 + 0.2
0.30000000000000004
```

மேல இருக்கற ரெண்டும் 1/2, 1/4, ரெண்டோட அடுக்குங்க, அதனால சுத்தமா வருது. கீழ இருக்கறது 1/10, 1/5. அந்தக் கடைசி 4 எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப அவங்களே உங்களுக்கு சொல்லுவாங்க.