டெலிகிராமில் விற்கும் ஓ லெவல் தேர்வுத்தாள் உண்மையானதா?

கேள்வி: என் அக்கா மகன் உயர்நிலை நான்கில் படிக்கிறான். ஓ லெவல் தேர்வுத்தாளை முன்கூட்டியே தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறாராம். போன வருடம் கொடுத்ததற்கு ஆதாரமும் வைத்திருக்கிறாராம். நம்பலாமா?

பதில்:

நம்ப வேண்டாம். அந்த ஆதாரம் எப்படித் தயாராகிறது என்பதை மட்டும் அவனிடம் சொல்லுங்கள், மீதியை அவனே புரிந்துகொள்வான்.

டெலிகிராம் சேனல் நடத்துபவர் தன் பழைய பதிவை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். எழுத்தை மட்டுமல்ல, அதிலுள்ள படத்தையும் கோப்பையும்கூட மாற்றலாம். ஆனால் பதிவு முதலில் போட்ட தேதியிலேயே நிற்கும். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு மங்கலான ஏதோ ஒரு படத்தைப் போட்டுவைப்பார். தேர்வு முடிந்து கேள்விகள் வெளியே வந்ததும், அதே பதிவில் உண்மையான கேள்விகளைச் சொருகிவிடுவார். அடுத்த வருடம் பார்க்கிறவர்களுக்கு நான்கு நாள் முன்பே தாள் வந்துவிட்டது போலத் தெரியும். நேரத்துக்குப் பக்கத்தில் `edited` என்று சின்னதாக விழும், உண்மைதான். அதனால்தான் அவர்கள் அந்த ஓரத்தை வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டையே அனுப்புகிறார்கள்.

பணம் கொடுக்காமல் இதைச் சோதிக்கலாம். தேர்வுக்கு முன்பே அந்தப் பதிவை உங்கள் `Saved Messages` பகுதிக்கு அனுப்பி வையுங்கள். மூலப் பதிவைப் பிறகு திருத்தினாலும் உங்களிடம் உள்ள நகல் மாறாது. தேர்வு முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி அனுப்பவே முடியாதபடி சேனலைப் பூட்டி வைத்திருந்தால், ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நான் துணைப்பாட வகுப்பு எடுக்கிறவன். என்னிடம் படித்த ஒரு பையன் கணிதத் தாளுக்காகப் பேநவ் வழியாக 80 வெள்ளி அனுப்பியிருக்கிறான். பிடிஎஃப் வந்தது, ஆனால் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தது. திறக்க இன்னும் 150 வெள்ளி. சேமித்து வைத்திருந்த சீனப் புத்தாண்டு அங்பாவ் பணத்தில் அதையும் கொடுத்துவிட்டான். திறந்தால் முகப்பில் இந்த வருடம், உள்ளே பழைய தாள். ஒரு கேள்வியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டென் இயர் சீரிஸிலிருந்து அவனுக்கு நானே போட்டுக் காட்டிய கணக்கு! ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் இருந்த ஆண்டை மாற்ற மறந்துவிட்டார்கள் போல. கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் புத்தகத்தின் ஒரு துண்டுக்கு 230 வெள்ளி.

அப்புறம்தான் மிரட்டல் ஆரம்பித்தது. "நீ தாள் வாங்கியதைப் பள்ளிக்குச் சொல்லிவிடுவேன், 300 அனுப்பு." சொல்லப்போனால் அவர்களுடைய வியாபாரமே இதுதான். வாங்கியவன் யாரிடமும் புகார் செய்ய மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். தேர்வு விதியை மீறினால் முடிவுகள் ரத்தாகலாம் என்ற பயம் பிள்ளைகளுக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தைத்தான் காசாக்குகிறார்கள்.

2016இல் இங்கே சிங்கப்பூரில் நடந்த வழக்கையும் அவனுக்குச் சொல்லுங்கள். ஒரு துணைப்பாட நிலையத்தார் சீனாவிலிருந்து வந்த ஆறு மாணவர்களை ஓ லெவலில் தேர்ச்சி பெற வைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். தலைக்கு 8,000 வெள்ளி. தேறாவிட்டால் பணம் வாபஸ். அவ்வளவு பணம் வாங்கியவர்களிடமும் தாள் முன்கூட்டியே இல்லை! தங்கள் ஆசிரியை ஒருவரையே தனித்தேர்வராக உட்கார வைத்து, ஃபேஸ்டைம் வழியாகத் தாளைக் காட்ட வைத்து, விடைகளைத் தோல் நிறக் காதுக்கருவிகள் மூலம் சொன்னார்கள். ஒரு மாணவரிடமிருந்து விநோதமான ஒலி வந்ததைத் தேர்வுக் கண்காணிப்பாளர் கவனித்ததில் எல்லாம் வெளிப்பட்டது. நிலையத்தின் முதல்வருக்கு 2020இல் நான்கு ஆண்டு சிறை. ஆயிரக்கணக்கில் வாங்கியவர்களாலேயே முடியாததை 80 வெள்ளிக்கு ஒருவர் தருகிறாராம்!

"உறுதியான தேர்ச்சி, இல்லாவிட்டால் பணம் வாபஸ்" என்பதும் அதே ரகம். ஓ லெவல் எழுதுகிறவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் ஐந்து பாடங்களிலாவது தேறிவிடுகிறார்கள். நூறு பேரிடம் தலைக்கு 300 வாங்கிக்கொண்டு சும்மா இருந்து, தேறாத 15 பேருக்கு நாணயமாகத் திருப்பிக் கொடுத்தாலும் 25,500 வெள்ளி மிச்சம். பெரும்பாலானவர்கள் அதையும் கொடுப்பதில்லை.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் திட்டாதீர்கள். உடனே வங்கியைக் கூப்பிடுங்கள், சந்தேகம் கேட்க ஸ்கேம்ஷீல்டு எண் 1799 இருக்கிறது. உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். மிரட்டலுக்குப் பதிலே அனுப்ப வேண்டாம். என் மாணவன் அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டான், அதற்குள் பணம் வேறு கணக்குக்குப் போய்விட்டது. அந்தச் சேனல் பெயரை மாற்றிக்கொண்டு இப்போது ஏ லெவல் தாள் விற்கிறது.