பாக்கி கேட்கும் மெயிலில் "சீக்கிரம்" எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அட்டைப்பெட்டி அச்சடித்துக் கொடுக்கிறேன். பில் 38,500 ரூபாய், ஏப்ரல் 28 தேதி. முப்பது நாள் கெடு தாண்டி இரண்டு வாரம் ஆச்சு. "சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும். முடிந்தால் சீக்கிரம் பேமெண்ட் போட்டுவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பதில்: உங்கள் பணத்தைக் கேட்க நீங்கள் ஏன் தம்பி மன்னிப்புக் கேட்கிறீர்கள்? "முடிந்தால்" என்றால் முடியவில்லை என்று சொல்ல வழிவிட்டாச்சு. "சீக்கிரம்" எந்தக் காலண்டரிலும் கிடையாது. அதற்காக "நீங்கள் அனுப்பவில்லை" என்றும் எழுத வேண்டாம். "தொகை வரவில்லை" என்றால் விஷயம் அதேதான், ஆனால் ஆளைக் குற்றம் சொன்னதாகாது. இப்படிப் போடுங்கள்:

"வணக்கம் சார். ஏப்ரல் 28 தேதியிட்ட 114-ஆம் எண் பில்லின் தொகை ரூ.38,500, மே 28-க்குள் வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. ஜூன் 20, வெள்ளி மாலை 5 மணிக்குள் கணக்கில் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பில்லில் ஏதாவது திருத்தம் இருந்தால் 16-ஆம் தேதி திங்களுக்குள் சொல்லிவிடுங்கள். பில் நகல் இணைத்திருக்கிறேன்."

திங்கள் என்று போட்டது சும்மா இல்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் "ஜிஎஸ்டி நம்பர் தப்பு, பில்லை மாற்றிக் கொடுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு நான்கு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். மணியைச் சொல்லாவிட்டால், 20-க்குள் என்றால் 20 சேர்த்தியா இல்லையா என்று ஒரு வாதம் வரும். அனுப்பும் முன் அவர்கள் அக்கவுண்ட்ஸில் எந்தக் கிழமை பணம் விடுவார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வியாழன்தான் என்றால் வெள்ளி சரியான கெடு. சனி என்றால் கெடுவையும் சனிக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 45 நாளுக்குள் கொடுக்கணும்னு சட்டமே இருக்கே சார். முதல் மெயிலிலேயே அதைப் போட்டால் என்ன?

பதில்: பாதி சரி. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. ஆனால் இதைக் கேட்க நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் மெயிலில் சட்டம் பேசினால் பதில் வக்கீலிடமிருந்து வரும். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்து வையுங்கள், இப்போதைக்கு அது போதும். தேதி தாண்டினால் இரண்டாவது மெயிலில் வட்டியை ஒரே வரியில் சொல்லலாம்.

கேள்வி: எனக்குக் கிளையன்டே எங்க மாமாதான். மெயில் போட்டால் வீட்டில் சண்டை வரும். போனில் கேட்டால் "பார்க்கலாம் மாப்ளே" என்கிறார்.

பதில்: இதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. போனிலேயே கேளுங்கள், ஆனால் "எப்போ மாமா?" என்று கேட்காமல் "வெள்ளியா, சனியா மாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு கிழமையைச் சொன்னதும் "சரி மாமா, சனிக்கிழமை 12,000" என்று வாட்ஸப்பில் ஒரு வரி. அதற்கும் சண்டை வருமா என்பது உங்கள் அத்தைக்குத்தான் தெரியும்.